என் நோட்டிலிருந்து 1,420 அட்டைகள்: சாட்பாட்டை நம்பி இரண்டரை மாதம் போன கதை

மார்ச் கடைசியில் எழுதிய ஒரு மாதிரித் தேர்வில், தேசிய நெருக்கடி நிலையை நாடாளுமன்றம் எவ்வளவு காலத்துக்குள் ஏற்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கொஞ்சமும் தயங்காமல் "இரண்டு மாதம்" என்ற வட்டத்தை நிரப்பினேன். விடைத்தாளில் ஒரு மாதம் என்று இருந்தது. விடைத்தாள்தான் தப்பு என்று நூலகத்தில் கூடப் படிக்கும் அண்ணனிடம் வாதாடினேன். அவர் பேசாமல் என் கையெழுத்து நோட்டை வாங்கி 47-ம் பக்கத்தைத் திறந்து காட்டினார். நான் என் கையால் எழுதியிருந்தது ஒரு மாதம்தான். அப்படியானால் இந்த இரண்டு மாதம் எங்கிருந்து வந்தது? சாட்பாட்டை வைத்து நான் போட்டிருந்த கேள்வி-பதில் அட்டையைக் கைப்பேசியில் திறந்தால் அதிலே இரண்டு மாதம். அதை நான் ஆறு தடவை பார்த்து, ஆறு தடவையும் "சரி" என்று அமுக்கியிருந்தேன். அந்த நிமிஷம் வயிற்றைப் பிசைந்தது. இதைப் போல இன்னும் எத்தனையை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேனோ என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

நான் தென்காசிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். குரூப் 4-க்குப் படிக்கிறேன். இரண்டு லாங் சைஸ் நோட்டு நிறைய என் கையெழுத்துக் குறிப்புகள் இருக்கின்றன. பொங்கல் முடிந்ததும், இந்த நோட்டையெல்லாம் அட்டையாக்கி முறையாக ரிவிஷன் செய்தால் மறக்காது என்று ஒரு காணொளியில் பார்த்துவிட்டு இறங்கினேன். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில், மறந்துபோகும் நேரம் பார்த்து அதே அட்டை திரும்ப வரும் என்பதுதான் யோசனை. யோசனை நல்லதுதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. நான் செய்த விதம்தான் தப்பு. சாட்பாட்டின் கட்டணத் திட்டத்துக்கு இரண்டு மாதம், மாதம் ஏறக்குறைய 2,000 ரூபாய் கட்டினேன். என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. அதைவிடப் பெரியது அந்த இரண்டரை மாதம். யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் தப்பு, நோட்டைப் படம் எடுத்து அப்படியே கொடுத்தது. கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மூன்று நாளில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவிட்டேன். ஒரு தடவைக்கு எட்டு பத்துப் படம் ஏற்றி, இதிலிருந்து அட்டை போடு என்று கேட்டால் சரசரவென்று ஐம்பது அறுபது அட்டை வந்து விழும். இரண்டே ராத்திரியில் 1,420 அட்டை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஒரு அட்டையைக்கூட நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, என் நோட்டிலிருந்துதானே வருகிறது, தப்பாக எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தமிழ்க் கையெழுத்தை, அதுவும் அவசரமாக எழுதிய கையெழுத்தை, அது முழுசாகப் படிப்பதில்லை. படிக்க முடியாத இடத்தைக் காலியாக விடுவதும் இல்லை. தனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பிவிடுகிறது, நிரப்பியதாக எந்த அடையாளமும் இல்லாமல். அட்டையைப் பார்த்தால் எது என் நோட்டு, எது அது சேர்த்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

அந்த 47-ம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: சரத்து 352 தேசிய நெருக்கடி, போர், வெளி ஆக்கிரமிப்பு, ஆயுதமேந்திய கிளர்ச்சி, 1 மாதத்துக்குள் இரு அவை ஒப்புதல், சிறப்புப் பெரும்பான்மை. 356 குடியரசுத் தலைவர் ஆட்சி, 2 மாதம், சாதாரணப் பெரும்பான்மை, அதிகபட்சம் 3 ஆண்டு. 360 நிதி நெருக்கடி, 2 மாதம், சாதாரணப் பெரும்பான்மை, இதுவரை அறிவித்ததில்லை. இதில் 352-க்கு "1 மாதம்" என்று எழுதிய இடத்தில் பேனா மை கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. அரசியலமைப்பில் முதலில் அது இரண்டு மாதமாகத்தான் இருந்தது, 1978-ல் வந்த 44-வது திருத்தம்தான் அதை ஒரு மாதமாகக் குறைத்தது. அதனால் இரண்டு மாதம் என்பது எங்கேயும் இல்லாத எண் இல்லை, பழைய எண். கீழே 356-க்கும் 360-க்கும் இரண்டு மாதம்தான். அட்டையில் அது வந்தபோது கண்ணை உறுத்தவே இல்லை. அப்பட்டமான தப்பு என்றால் நாமே பிடித்துவிடுவோம். பக்கத்து வரியில் இருக்கும் எண், திருத்தத்துக்கு முந்தைய எண், இந்த மாதிரித் தப்புதான் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது.

எண் சரியாக இருந்த அட்டைகளும் உருப்படியாக இல்லை. "நாடாளுமன்றம் எவ்வளவு காலத்துக்குள் ஒப்புதல் அளிக்க வேண்டும்?" என்று ஒரு அட்டை, எந்த நெருக்கடி நிலை என்றே அதில் இல்லை. அதே கேள்வி வேறு பதிலோடு இன்னொரு அட்டை. முதல் இரண்டு வாரம் இவற்றைச் சரியாகத்தான் சொன்னேன், ஏனென்றால் அட்டைகள் நோட்டின் வரிசையிலேயே வந்தன, முந்தின அட்டை 356 என்றால் இதுவும் 356 என்று புரிந்துவிடும். பிறகு எல்லாம் கலந்து வர ஆரம்பித்ததும் எதைக் கேட்கிறது என்றே தெரியாமல் விழித்தேன். இன்னொரு அட்டையில் "356 பற்றி எழுதுக" என்று கேள்வி, பதிலாக ஏழு வரி. ஏழில் ஐந்து சொன்னால் அது சரியா தப்பா? நானாக "பரவாயில்லை" என்று சரி போட்டுக்கொண்டே போனேன், விட்டுப்போன இரண்டு வரி கடைசி வரை மனதில் ஏறவே இல்லை.

இதில் இன்னொன்றும் நடந்தது. அட்டைகளை ஆன்கி என்ற இலவசச் செயலிக்குள் ஏற்றினேன். ஆண்ட்ராய்டில் AnkiDroid என்று தேடினால் கிடைக்கும். சாட்பாட் கொடுத்த கோப்பில் கேள்வியையும் பதிலையும் காற்புள்ளி போட்டுப் பிரித்திருந்தது. என் பதில்களுக்குள்ளேயே காற்புள்ளி இருக்கிறதே! "போர், வெளி ஆக்கிரமிப்பு, ஆயுதமேந்திய கிளர்ச்சி" என்ற பதில் முதல் காற்புள்ளியிலேயே வெட்டுப்பட்டு, அட்டையில் "போர்" என்று மட்டும் நின்றது. 352-ஐ எந்தக் காரணத்துக்காக அறிவிக்கலாம் என்றால் போர் என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிச் சரி போட்டிருக்கிறேன். இதைக் கண்டுபிடிப்பது சுலபம், ஏற்றியதும் பட்டியலில் பதில் நெடுவரிசையை ஒரு தடவை மேலிருந்து கீழே ஓட்டினால் போதும், அந்தரத்தில் நிற்கும் பதில்கள் தெரிந்துவிடும். நான் ஓட்டிப் பார்க்கவில்லை.

அடுத்தது அட்டவணை. இதில்தான் அதிக நாள் போனது. ஆன்கிக்கு வருவதற்கு முன் சாட்பாட்டிடமே ரிவிஷன் அட்டவணையும் கேட்டு வாங்கியிருந்தேன். படித்த மறுநாள், 3-ம் நாள், 7-ம் நாள், 15-ம் நாள், 30-ம் நாள் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் தேதி போட்ட அழகான பட்டியல். கடையிலேயே பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். ஆனால் அது பாடத்துக்கு ஒரு தேதி, அட்டைக்கு இல்லை. நெருக்கடி நிலைப் பாடத்தில் 25 அட்டை இருந்தால் 15 எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, 10 எப்போதும் தகராறு. பட்டியலோ 25-ஐயும் ஒரே நாளில் கொண்டுவரும். தெரிந்ததைத் திரும்பப் பார்த்தே நேரம் போகும், தெரியாத பத்தும் அடுத்த தேதி வரை அப்படியே கிடக்கும். நடுவில் சித்தப்பா மகள் கல்யாணம் வந்து இரண்டு நாள் விட்டுப்போனது. பட்டியலை மாற்றித் தரச் சொன்னேன், புதிதாக ஒன்று வந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், அதில் மூன்று பாடங்களே காணவில்லை. எந்த அட்டையில் தடுக்கினேன், எதை நேற்றுப் பார்த்தேன் என்ற கணக்கு அதனிடம் இல்லை, நான் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு. அந்தக் கணக்கை வைக்கத்தான் ஆன்கி மாதிரிச் செயலி இருக்கிறது. ஒவ்வொரு அட்டைக்கும் நீங்கள் சொன்ன பதிலைப் பொறுத்து அடுத்த தேதியை அதுவே போடும். அட்டை போட சாட்பாட், தேதி போட செயலி, இந்த வேலைப் பிரிவினை எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்தது.

பிப்ரவரியில் செயலிக்கு வந்தேன், அங்கேயும் பேராசை விடவில்லை. ஒரு நாளைக்குப் புது அட்டை 20 என்று இருந்ததை 50 ஆக்கினேன், ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்கு. புது அட்டை முடியும், ஆனால் ஒவ்வொரு புது அட்டையும் மறுநாள், நாலு நாள் கழித்து, பத்து நாள் கழித்து என்று திரும்ப வந்து நிற்கும். மூன்றாவது வாரம் ஒரு நாளைக்கு 350 அட்டை வந்தது. அட்டைக்கு 15 விநாடி வைத்தாலும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும், எனக்கு அப்போது கிடைத்ததே இரவு முக்கால் மணி நேரம். முடிக்க வேண்டும் என்று யோசிக்காமலே தட்ட ஆரம்பித்தேன். மறந்த அட்டைக்கு Again அமுக்க மனம் வராமல் Hard அமுக்கினேன். Hard என்றால் கஷ்டப்பட்டாலும் நினைவுக்கு வந்தது என்று செயலி எடுத்துக்கொள்ளும், அட்டையைத் தள்ளித்தான் போடும். மறந்த அட்டைகளை இப்படி நானே தூரத் தள்ளிவிட்டேன். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போய் நாலு நாள் கழித்து வந்து திறந்தால் 780 அட்டை காத்திருந்தது. செயலியை மூடி வைத்தேன். ஒரு வாரம் தொடவே இல்லை. அந்த வாரக் கடைசியில்தான் முதலில் சொன்ன மாதிரித் தேர்வு.

அந்த அண்ணன்தான் உட்கார்ந்து, "தம்பி, அழிச்சிட்டுத் திரும்பப் போடு, இதைத் திருத்திக்கிட்டு இருந்தா அதுக்கே வருஷம் போயிரும்" என்றார். 1,420 அட்டையை அழிக்கக் கை வரவில்லை, இரண்டு நாள் யோசித்துத்தான் அழித்தேன். தேர்வுக்கு அப்போது 110 நாள் இருந்தது. முதலில் செய்தது நேரக் கணக்கு, அட்டை இல்லை. ரிவிஷனுக்கு நிச்சயமாகக் கிடைப்பது தினம் அரை மணி நேரம். அட்டைக்கு 15 விநாடி என்றால் 120 அட்டை. தினம் 20 புது அட்டை எடுத்தால் நாள்பட ஏறக்குறைய 200 அட்டை ரிவிஷனுக்கு வரும் என்பது ஆன்கியின் கையேட்டிலேயே இருக்கிற தோராயக் கணக்கு, அதாவது பத்து மடங்கு. அப்படியானால் எனக்குத் தாங்குவது தினம் 12 புது அட்டை. கடைசி 20 நாள் புது அட்டை வேண்டாம், பழையதை மட்டும் பார்க்கலாம் என்று ஒதுக்கினால் மீதி 90 நாள், பன்னிரண்டு தொண்ணூறு 1,080. என் இரண்டு நோட்டுக்கும் சேர்த்து இதற்கு மேல் ஒரு அட்டை கூடாது. இந்த எண் கையில் இருந்ததால்தான் எதை அட்டையாக்குவது, எதை நோட்டில் படித்தால் போதும் என்று தேர்ந்தெடுக்க முடிந்தது. உங்கள் நேரம் வேறாக இருக்கும், ஒரு நாள் கடிகாரம் வைத்து ஐம்பது அட்டை பார்த்து உங்கள் விநாடியைத் தெரிந்துகொண்டு இதே கணக்கைப் போடுங்கள்.

படம் எடுப்பதை விட்டுவிட்டேன். இப்போது நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பேசியின் குரல் தட்டச்சில் சத்தமாக வாசிக்கிறேன், அது தட்டிக்கொள்கிறது. ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும், எண்களை மட்டும் கடைசியில் விரல் வைத்துச் சரிபார்ப்பேன். இப்படி வாசிக்கும்போது நோட்டிலேயே இருந்த தப்புகளும் தெரிந்தன. பஞ்சாயத்து ராஜ் பற்றிய 73-வது திருத்தச் சட்டத்துக்கு ஆண்டு 1993 என்று எழுதியிருந்தேன், சட்டம் 1992, நடைமுறைக்கு வந்ததுதான் 1993 ஏப்ரல் 24. நோட்டில் தப்பு இருந்தால் அட்டையும் தப்பாகத்தான் வரும், அதனால் ஆண்டு, சரத்து எண் இருக்கும் வரிகளைப் பள்ளிப் பாடப்புத்தகத்தோடு ஒரு தடவை ஒப்பிட்ட பிறகுதான் அடுத்த வேலை.

தட்டிய பக்கத்தைச் சாட்பாட்டில் ஒட்டி நான் கொடுக்கும் கட்டளை இதுதான்: இந்தப் பக்கத்தில் இருப்பதை மட்டும் வைத்து அதிகபட்சம் பத்து அட்டை போடு, ஒரு அட்டைக்கு ஒரே ஒரு தகவல், கேள்வியைத் தனியாகப் படித்தாலும் எந்தச் சரத்து, எந்தத் திருத்தம் என்று புரிய வேண்டும், மூன்றாவது நெடுவரிசையில் அந்தப் பதில் வந்த வரியை எழுத்து மாறாமல் அப்படியே எழுது, பிரிப்பதற்குக் காற்புள்ளி வேண்டாம், | என்ற செங்குத்துக் கோடு போடு. ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான். பத்துப் பக்கத்தைச் சேர்த்துக் கொடுத்தால் நமக்குச் சரிபார்க்க அலுப்பு வந்துவிடும். வரும் கோப்பு இப்படி இருக்கும்:

```
#separator:Pipe
#html:false
352 அறிவிப்புக்கு இரு அவை ஒப்புதல் எத்தனை காலத்துக்குள்?|1 மாதம்|1 மாதத்துக்குள் இரு அவை ஒப்புதல்
356 அறிவிப்புக்கு இரு அவை ஒப்புதல் எத்தனை காலத்துக்குள்?|2 மாதம்|356 குடியரசுத் தலைவர் ஆட்சி, 2 மாதம்
```

மூன்றாவது நெடுவரிசைக்காகச் செயலியில் அட்டை வகையைத் திருத்தி "ஆதாரம்" என்று ஒரு புலம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஒரு தடவை சேர்த்தால் போதும். கணினியில் செய்வது சுலபம். பதில் பக்கத்தில் அந்த வரி சின்ன எழுத்தில் தெரியும்படி வைத்திருக்கிறேன்.

இந்த ஆதார வரிதான் என்னைக் காப்பாற்றுகிறது. ஒவ்வொரு அட்டைக்கும் அந்த வரியின் முதல் மூன்று நாலு சொல்லை நான் தட்டிய பக்கத்தில் தேடுவேன். கிடைக்கவில்லை என்றால் அது என் நோட்டில் இல்லாதது, யோசிக்காமல் அட்டையைத் தூக்கிவிடுவேன். கிடைத்தால் வரியில் இருக்கும் எண்ணும் பதிலில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பேன். முதல் 62 அட்டையில் ஐந்துக்கு வரி கிடைக்கவில்லை. அப்படியே எழுது என்று சொன்னாலும் சில சமயம் சொல்லை மாற்றி எழுதிவிடும், அதனால் இருக்கும்போல இருக்கிறது என்று கண்ணால் பார்த்து விடக்கூடாது, தேடிப் பார்த்தே ஆக வேண்டும். பத்து அட்டைக்கு நாலு நிமிஷம் ஆகிறது. இந்த நாலு நிமிஷத்தைத்தான் ஜனவரியில் மிச்சம் பிடித்தேன்.

ஒரே மாதிரி இருந்து குழப்புகிறவற்றுக்கு மட்டும் நானே கையால் ஒரு அட்டை சேர்க்கிறேன். 352, 356, 360 மூன்றுக்கும் தனித்தனி அட்டை இருந்தும் எனக்குக் குழம்பிக்கொண்டே இருந்தது. "352, 356, 360-ல் எதற்கு மட்டும் ஒரு மாதம், ஏன்?" என்று ஒன்று எழுதினேன். பதில்: 352, ஏனென்றால் 1975 நெருக்கடி நிலைக்குப் பிறகு அதைச் சுலபமாக அறிவிக்க முடியாதபடி இறுக்க 44-வது திருத்தம் இரண்டு மாதத்தை ஒரு மாதமாகக் குறைத்தது, சிறப்புப் பெரும்பான்மையும் வேண்டும் என்றது. காரணம் தெரிந்த பிறகு எண் நழுவவில்லை. இப்படி ஒன்றோடொன்று ஒப்பிடும் அட்டைகளைச் சாட்பாட் தானாகப் போடுவதில்லை, எதில் எனக்குக் குழப்பம் என்று எனக்குத்தானே தெரியும்.

சாட்பாட்டின் இலவசத் திட்டமே ஒரு பக்கம் ஒரு பக்கமாகக் கொடுக்கப் போதுமானதாக இருக்கிறது, கட்டணத்தை நிறுத்திவிட்டேன். தினம் ராத்திரி கடை அடைத்து வந்து முதலில் பழைய அட்டை, அது முடிந்தால்தான் புதிது 12. ஊருக்குப் போய் இரண்டு நாள் விட்டுப்போனால் திரும்பி வந்து புது அட்டையைப் பூஜ்யமாக்கிவிட்டு, சேர்ந்ததைத் தினம் 120 வீதம் பார்த்து முடித்த பிறகே மறுபடி 12 என்று மாற்றுவேன். மறந்தால் Again, சரியாகச் சொன்னால் Good, இந்த இரண்டைத் தவிர வேறு பொத்தானைத் தொடுவதில்லை. மாதிரித் தேர்வில் தப்பு விட்டதை நேராக அட்டையாக்காமல் முதலில் நோட்டின் ஓரத்தில் சிவப்புப் பேனாவில் எழுதிவிடுகிறேன், அந்தப் பக்கத்துக்கு அடுத்த முறை அட்டை போடும்போது அதுவும் ஆதார வரியாக வந்துவிடும். 47-ம் பக்கத்தில் அந்த இழுபட்ட "1"-ஐ அடித்துவிட்டு, மேலே "ஒரு மாதம்" என்று எழுத்தால் எழுதியிருக்கிறேன்.